பதினான்காவது விதியில் ஒளிந்திருந்த இரண்டு வருடம்

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். பர்மா தேக்கு நிலைகளும் பழைய பாத்திரங்களும் பூட்டிய வீடுகளிலிருந்து காணாமல் போகும் கதைகளைச் செட்டிநாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் 2023 ஏப்ரல் 12-ம் தேதி, காரைக்குடியில் குடியிருக்கும் அந்த வீட்டு ஆச்சி, ஒரு தனியார் நிறுவனத்திடம் நாலு கேமரா மாட்டச் சொல்லி, கண்காணிப்புச் சேவைக்கும் பணம் கட்டினார். வருடத்துக்கு 7,200 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 8,496. படம் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகும், இரவில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஆச்சியின் போனுக்கு அழைப்பு வரும். ஏற்பாடு அவ்வளவுதான்.

அடுத்த வருடம் வீட்டோடு தங்க ஒரு காவல் குடும்பம் கிடைத்துவிட்டது. சேவை இனி வேண்டாம், வருடம் முடிந்தால் தானாக நின்றுவிடும் என்று ஆச்சி நினைத்திருந்தார். 2024 ஏப்ரல் 12 காலையில் அவர் வங்கிக் கணக்கிலிருந்து 10,620 ரூபாய் போயிருந்தது. நிறுவனத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னபோது வந்த பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “நிறுத்தலாம் மேடம். ஆனால் உங்கள் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. இப்போது விலகினால் அடுத்த வருடக் கட்டணம் 10,620-ஐயும் சேர்த்துக் கட்ட வேண்டும்.”

வேண்டாத சேவைக்கு மொத்தம் 21,240 ரூபாய். ஆச்சி பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதுவதில் ஊர்க்காரர்களுக்கு உதவுவது என் வழக்கம். “தம்பி, கல்யாணத்துக்கு இசைகுடிமானம் எழுதினாக்கூட பக்கத்துல பெரியவங்க நாலு பேர் இருந்து பாப்பாங்க. இவன் ஒரு பலகையை நீட்டி விரலால தேய்க்கச் சொன்னான், தேய்ச்சேன். இதுல எங்க இருக்கு ரெண்டு வருசம்?” என்றார். பலகை என்று அவர் சொன்னது டேப்லெட்டை.

இருந்தது. ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். அதில் பதினான்காவது விதியின் மூன்றாம் பத்தி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: முதல் ஓராண்டு முடிவதற்கு 60 நாள் முன்னதாக, பதிவுத் தபாலில், நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் வேண்டாம் என்று தெரிவிக்காவிட்டால், ஒப்பந்தம் அப்போதைய கட்டணத்தில் மேலும் 24 மாதங்களுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும், இடையில் விலகுபவர் மீதிக் காலத்துக்கான முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும்.

இதை எதிர்த்துக் கேட்க முடியுமா? முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் கையில் எடுக்கும் இரண்டு வாதங்களை மட்டும் நம்பிப் போனால் தோற்க வாய்ப்பு அதிகம். அவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

முதல் வாதம், “நான் படிக்கவே இல்லை.” கையெழுத்துப் போட்டவர் படித்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏமாற்றியோ திரித்துச் சொல்லியோ கையெழுத்து வாங்கினார்கள் என்று காட்டினால் கதை வேறு. சும்மா படிக்கவில்லை என்பது மட்டும் ஒப்பந்தத்தை உடைக்காது. ஆங்கிலத்தில் இருந்தது என்பதும் தனியாக நின்றால் போதாது.

இரண்டாவது வாதம், “மௌனம் எப்படிச் சம்மதம் ஆகும்?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒருவர் புதிதாக ஒரு பேரத்தை முன்வைத்துவிட்டு, ‘நீ பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வேன்’ என்று சொன்னால், அந்த மௌனம் சம்மதம் ஆகாது என்பது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய கொள்கை. ஆனால் நிறுவனத்தின் வக்கீல் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார். ‘நாங்கள் 2024-ல் புதிதாக எதையும் கேட்கவில்லை. மறுக்காவிட்டால் தொடரும் என்று 2023-லேயே இவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாங்கள் அதை நிறைவேற்றினோம், அவ்வளவே.’ இந்தப் பதிலில் சரக்கு இருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் விதி என்ற ஒரே காரணத்துக்காக அது சட்டவிரோதம் ஆகிவிடாது. செய்தித்தாள் சந்தாவோ காப்பீடோ இடையில் அறுந்துபோகாமல் தொடர்வது வாடிக்கையாளருக்கே வசதியாக இருக்கும் இடங்களும் உண்டு.

ஆக, ஆணையத்தின் முன் நிற்க வேண்டிய கேள்வி, ‘ஒப்புக்கொண்டாரா இல்லையா’ என்பதைத் தாண்டியது. இப்படி ஒரு விதியை வைத்து, அதை இப்படி மறைத்து, இப்படிப் பயன்படுத்துவது முறையா என்பதுதான் அது. அங்கே சட்டம் வாடிக்கையாளர் பக்கம் வந்து நிற்க இடம் இருக்கிறது.

நம் ஊர் நீதிமன்றங்களுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. 1960-களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சலவைக் கடை வழக்கு வந்தது. சலவைக்குக் கொடுத்த புதுச் சேலையைக் கடைக்காரர் தொலைத்துவிட்டார். ரசீதில், பொருள் தொலைந்தால் அதன் மதிப்பில் பாதிதான் கேட்கலாம் என்று அச்சிட்டிருந்தது. அப்படி ஒரு விதியை ஏற்றால், பாதி விலையைக் கொடுத்துவிட்டு ஊர்த் துணியை எல்லாம் கடைக்காரர் எடுத்துக்கொள்ளலாமே. பொதுநலனுக்கு விரோதம் என்று சொல்லி, அந்த விதியைச் செல்லுபடியாக்க நீதிமன்றம் மறுத்தது. ரசீதில் அச்சிட்டிருப்பதாலேயே ஒரு விதி கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

இப்போது கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதன் 2(46)-ம் பிரிவில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு விளக்கம் இருக்கிறது. 1986-ம் வருடத்துப் பழைய சட்டத்தில் இது கிடையாது. நுகர்வோரின் உரிமைகளைப் பெரிய அளவில் மாற்றிவிடும் விதிகள் கொண்ட ஒப்பந்தம் நியாயமற்றது என்று சொல்லி, ஆறு வகைகளை அது உதாரணமாகத் தருகிறது. ‘தானாகப் புதுப்பித்தல்’ என்று அந்த ஆறில் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டு, அப்படியானால் வழியில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆச்சியின் விதிக்கு அங்கே இரண்டு வகைகள் நேராகப் பொருந்தும். ஒன்று, ஒப்பந்தத்தை மீறியதற்காக, மறுதரப்புக்கு வந்த நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர் மேல் சுமத்துவது. இன்னொன்று, நுகர்வோரைப் பாதகமான நிலையில் தள்ளும் நியாயமற்ற கட்டணம், கடமை அல்லது நிபந்தனையைச் சுமத்துவது.

ஆச்சியின் பேப்பரை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். புதுப்பிப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிட்டால் பலம் கம்மி. அதைச் சுற்றிப் போட்டிருந்த வேலிகளில்தான் விஷயம் இருந்தது. முதல் ஒப்பந்தம் ஒரு வருடம். தானாகத் தொடர்வதோ இரண்டு வருடம். முதல் வருடம் 7,200. தொடரும்போது ‘அப்போதைய கட்டணம்’, அதாவது நிறுவனம் தானே முடிவு செய்த 9,000. சேர்வதற்கு விரலால் ஒரு தேய்ப்புப் போதும். விலகுவதற்கோ பதிவுத் தபால், அதுவும் வேறு மாநிலத்து முகவரிக்கு, 60 நாள் முன்னதாக. ஒப்பந்தம் முடிவது 2024 ஏப்ரல் 11. அறுபது நாள் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 11. அந்தத் தேதிக்கு முன்னால் ‘உங்கள் ஒப்பந்தம் முடியப் போகிறது, வேண்டாமென்றால் இதற்குள் எழுதுங்கள்’ என்று நிறுவனம் ஒரு வரி அனுப்பவில்லை. கடைசியாக, இடையில் விலகினால் மீதிக் கட்டணம் முழுவதும். படம் பதிவு செய்யவும் வேண்டாம், இரவில் ஆள் வைத்துப் பார்க்கவும் வேண்டாம், பணம் மட்டும் வரும். நிறுவனத்துக்கு உண்மையில் என்ன நஷ்டம்? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவும் இதையேதான் கேட்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதி வைத்துவிட்டதாலேயே அதை அப்படியே வாங்கிவிட முடியாது. அந்தத் தொகைக்கு மிகாமல், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

இந்த ஒவ்வொரு வேலியையும் தேதியோடும் தொகையோடும் மனுவில் எழுத வேண்டும். ‘விதி அநியாயமானது’ என்று பத்து முறை எழுதுவதைவிட, பிப்ரவரி 11-ஐயும் ஏப்ரல் 12-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஆணையத்துக்கு உடனே புரியும்.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நியாயமற்ற ஒப்பந்தம் என்று சட்டத்தில் இருக்கிறதே என்று, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போய் ‘இது 2(46)-ன்படி நியாயமற்ற ஒப்பந்தம், பதினான்காவது விதி செல்லாது என்று அறிவியுங்கள்’ என்று கேட்டால், எதிர்த்தரப்பு முதல் பத்தியிலேயே ஆட்சேபம் எழுப்பும். அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்கப்படவில்லை. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார், கட்டிய தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சட்டத்தின் 47-ம் பிரிவின்படி மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் என்றால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம். ஒரு விதியைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தையும் 49(2)-ம் பிரிவு மாநில ஆணையத்துக்கே தருகிறது. நம் பக்கத்துக்காரர்களுக்கு மதுரையில் மாநில ஆணையத்தின் அமர்வு இருக்கிறது என்பது ஓர் ஆறுதல். இருந்தாலும் இருபத்தொரு ஆயிரத்துக்காக எழுபது வயது ஆச்சி மதுரைக்கு வாய்தா வாய்தாவாகப் போக முடியுமா? எளிய மனிதருக்காகச் செய்த ஓர் உரிமையை, அவருக்கு எட்டாத படியில் கொண்டுபோய் வைத்திருக்கிறது சட்டம். இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் சுற்றி வர ஒரு வழி உண்டு. அதைத் திறந்து வைத்தது உச்ச நீதிமன்றம். 2019 ஏப்ரலில் குருகிராம் அடுக்குமாடி வீடு ஒன்றைப் பற்றிய பயோனியர் வழக்கில் தீர்ப்பு வந்தது. வாங்குபவர் தவணை தாமதித்தால் 18 சதவீத வட்டி. கட்டுமான நிறுவனம் வீட்டைத் தாமதித்தால் அதைவிடக் குறைவு. ஒப்பந்தம் முழுக்க இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த விதிகள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்ன நீதிமன்றம், அதோடு நிற்கவில்லை. இப்படிப்பட்ட ஒருதலைப்பட்ச விதிகளை ஒப்பந்தத்தில் சேர்ப்பதே ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்றது. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பிரிவே இல்லாத பழைய சட்டத்தின் கீழ் சொன்ன தீர்ப்பு இது.

அதுதான் சாவி. நியாயமற்ற வணிக நடைமுறையையும் சேவைக் குறைபாட்டையும் விசாரிக்க மாவட்ட ஆணையத்துக்கு முழு அதிகாரம் உண்டு. பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடு தரச் சொல்லலாம், அந்த நடைமுறையை நிறுத்தச் சொல்லலாம். 39-ம் பிரிவு இதை எல்லாம் கொடுக்கிறது. 2022 நவம்பரில் டெக்ஸ்கோ வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே திசையில்தான் பேசியது. நிலவறையில் இருந்த ஒரு கடைக்குத் தீக்காப்பீடு கொடுத்துவிட்டு, தீப்பிடித்த பிறகு, நிலவறைக்குப் பொருந்தாது என்ற விலக்கு விதியைக் காப்பீட்டு நிறுவனம் காட்டியது. அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து மட்டும் போடுகிற மனிதருக்குப் பேரம் பேச இடமே இல்லை, அப்படி ஒரு விதியை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்ததை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்று நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டது. காப்பீட்டில் இரு தரப்பும் எதையும் மறைக்கக் கூடாது என்ற தனிக் கடமை இருப்பதால், கேமரா ஒப்பந்தத்துக்கு அந்தத் தீர்ப்பை அப்படியே ஒட்ட முடியாது. அச்சுப் படிவம் பற்றிச் சொன்ன காரணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஆச்சியின் மனுவில் ‘விதியைச் செல்லாது என்று அறிவியுங்கள்’ என்று நாங்கள் கேட்கவில்லை. 2024 ஏப்ரல் 12-ல் எடுத்த 10,620 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், அடுத்த வருடத்துக்கு என்று கேட்கும் 10,620-ஐக் கேட்கக் கூடாது, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் 5,000 தர வேண்டும் என்றே கேட்டோம். காரணமாக, விலகும் தேதியை நினைவூட்டாமல் வைத்து, விலகலைக் கடினமாக்கிப் பணம் எடுத்தது நியாயமற்ற வணிக நடைமுறை என்று எழுதினோம். விஷயம் ஒன்றுதான். எந்தப் பெயரில் எழுதுகிறோம் என்பதில் சிவகங்கையா மதுரையா என்பது முடிவாகிவிடுகிறது.

இதற்குத் துணையாக இன்னும் இரண்டு இருக்கின்றன. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாடிக்கையாளரைச் சிக்க வைக்கும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்து வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி: ரத்து செய்யும் வழியை ஒளிப்பது, குழப்புவது, நீட்டி இழுப்பது. சேர்வதற்கு ஆப், விலகுவதற்குப் பதிவுத் தபால் என்பது இந்த விளக்கத்துக்கு மிகவும் கிட்டே வருகிறது. அந்த மத்திய ஆணையம் ஒரு தனி ஆளுக்குப் பணம் வாங்கித் தருவதற்கான இடம் கிடையாது. ஆனால் எது முறையற்றது என்று அரசு வகுத்த அளவுகோலை மாவட்ட ஆணையத்தின் முன் காட்டலாம். இன்னொன்று, 2020-ம் வருடத்து மின்வணிக விதிகள். வாடிக்கையாளர் தானே, தெளிவாக ஒரு செயலைச் செய்து சம்மதிக்க வேண்டும், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அதன் 4-ம் விதி. ஆச்சிக்கு நீட்டப்பட்ட அந்தப் பலகையில் ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே இருந்தது என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். வீட்டுக்கு ஆள் வந்து ஆப் வழியாகப் போட்ட ஒப்பந்தம் மின்வணிகமா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். வாதிட இடம் உண்டு. அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது.

சரி, பணம் போவதற்கு முன் வங்கி எச்சரிக்கவில்லையா? எச்சரித்தது. இதைப் பற்றிப் பரவலாக ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது.

கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை போட்டது. 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால், யார், எவ்வளவு, எப்போது எடுக்கப் போகிறார் என்று தகவல் வர வேண்டும். அதிலேயே வேண்டாம் என்று விலகும் வழியும் இருக்க வேண்டும். 2022 ஜூனில் உயர்த்திய வரம்புப்படி 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே எடுக்கலாம். ஆச்சியின் 10,620 அதற்குள் அடங்கிவிட்டதால் ஓடிபி கேட்கவில்லை. ஏப்ரல் 10-ம் தேதி ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் வந்திருந்தது. கேமரா நிறுவனத்தின் பெயருக்குப் பதில், அதற்காகப் பணம் வசூலிக்கும் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. ஆச்சி அதை விளம்பரம் என்று நினைத்துவிட்டார்.

இங்கே தேதியைக் கவனியுங்கள். அந்த எஸ்எம்எஸ் ஏப்ரல் 10-ல் வந்தது. ஒப்பந்தப்படி விலகும் கெடு முடிந்தது பிப்ரவரி 11-ல். ஆச்சி அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து உடனே வேண்டாம் என்று அழுத்தியிருந்தாலும், வங்கி பணத்தை நிறுத்தியிருக்கும், ஒப்பந்தம் நின்றிருக்காது. நிறுவனம் ‘பாக்கி’ என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கும். கார்டை முடக்கினேன், தானியங்கிப் பணம் எடுப்பை ரத்து செய்தேன், அதனால் சந்தா முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். பணம் போகும் குழாயை அடைப்பது வேறு, ஒப்பந்தத்தை முடிப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அந்த 24 மணி நேரத் தகவலே வரவில்லை என்றால் மட்டும் வங்கி மேல் புகார் எழலாம். வங்கியிடம் எழுதி 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆச்சி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பணம் போன மூன்றாம் நாளே என்னிடம் வந்துவிட்டார். ஏப்ரல் 16-ம் தேதி நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலும், பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்பினோம். நான்கே வரிகள்: புதுப்பிப்புக்கு நான் சம்மதிக்கவில்லை, இன்றிலிருந்து சேவை வேண்டாம், எடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள், 15 நாளில் பதில் வேண்டும். அன்றே அவர் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடச் சொன்னேன். இது சின்ன விஷயமாகத் தெரியும். புதுப்பித்த பிறகும் நாலு மாதம் தினமும் ஆப்பைத் திறந்து வளவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் ‘எனக்கு வேண்டவே வேண்டாம்’ என்று சொன்னால் ஆணையம் நம்பாது. ஆப்பை எப்போது திறந்தார் என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும். அப்படி ஒரு வழக்கில் பாதிப் பணம் கிடைத்தாலே பெரிது.

இன்னொரு பதிவையும் எடுத்து வைத்தோம். ஒப்பந்தம் போட்ட அன்று விற்பனையாளர் ஆச்சியின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியல். அதில் ‘ஓராண்டு, 7,200 + ஜிஎஸ்டி’ என்று மட்டும் இருந்தது; இரண்டு வருடப் புதுப்பிப்பு பற்றி ஒரு சொல் இல்லை. பேசும்போது ஓராண்டு என்று காட்டிவிட்டு, பதினோரு பக்கத்துக்குள் மூன்று ஆண்டாக்கியதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஒப்பந்தத்தில் ‘எந்த வழக்கும் எங்கள் தலைமையக ஊரில்தான், அதுவும் நடுவர் மூலம்தான்’ என்று ஒரு விதியும் இருந்தது. அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். தேவையில்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம் என்று 34-ம் பிரிவு சொல்கிறது. காரைக்குடிக்காரருக்கு அது சிவகங்கை. நடுவர் விதி இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை என்று எமார் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே மனுவை ஏற்றலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

ஆனால் ஒரு கதவு நம் ஊரில் பலருக்கு மூடியிருக்கும். அந்தப் பள்ளத்தூர் வீட்டை விடுதியாக நடத்தியிருந்தாலோ, சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதித்திருந்தாலோ, அதற்காக மாட்டிய கேமரா ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவர் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோரே அல்ல. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு தொழிலுக்கு விலக்கு உண்டு. கணவனும் மனைவியுமாக இரண்டு அறையை விருந்தினருக்கு விட்டுப் பிழைப்பவர்கள் அதைக் கேட்கலாம். பெரிய வீட்டை எடுத்து ஆள் வைத்து ஓட்டல் நடத்துபவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆச்சியின் வீட்டில் படைப்பும் கல்யாணமும் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை என்பதை மனுவின் இரண்டாம் பத்தியிலேயே எழுதினோம்.

நிறுவனம் முதலில் ‘நல்லெண்ண அடிப்படையில்’ பாதியைத் தருவதாக எழுதியது. ஆச்சி மறுத்தார். ஜூலையில் சிவகங்கையில் மனு ஏறியது. நோட்டீஸ் போனபின் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் மனு போட வேண்டும். கேட்டால் இன்னும் 15 நாள். மொத்தம் 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அந்த நாட்கள் முடிவதற்குள் நிறுவனத்தின் வக்கீல் சமரசத்துக்கு வந்தார். 10,620 ரூபாயும் திரும்பி வந்தது. இனி பாக்கி எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது. 5,000 ரூபாயை ஆச்சி விட்டுக்கொடுத்தார். தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை. அதனால் பதினான்காவது விதி அந்த நிறுவனத்தின் படிவத்தில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அடுத்த தெருவில் இன்னொருவர் அதே பலகையில் விரலால் தேய்த்துக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஒரு விதியையே படிவத்திலிருந்து எடுக்க வைக்க வேண்டுமானால் யாராவது மதுரைக்குத்தான் போக வேண்டும். பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பு ஒன்று போனால் நல்லது.

இந்த வருடம் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட ஒரு பையன் வந்திருக்கிறான். ஆச்சி பேப்பரில் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் தன் கையாலேயே தமிழில் எழுதினார்: “ஓராண்டு மட்டும். முடிந்ததும் நான் எழுதிக் கொடுத்தால்தான் தொடரும்.” கீழே அவர் கையெழுத்து. அந்தப் பையனையும் கையெழுத்துப் போடச் சொல்லி, கம்பெனி முத்திரையும் குத்த வைத்தார். அச்சில் இருப்பதும் கையால் எழுதிச் சேர்த்ததும் முரண்பட்டால், கையால் எழுதியதற்குத்தான் நீதிமன்றங்கள் கூடுதல் மதிப்புக் கொடுக்கும். பையன் கொஞ்சம் தயங்கினானாம். மேனேஜருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, சரி என்று போட்டுக் கொடுத்தானாம்.